வாரிசுகள் பேரவைக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
கடைசித் தங்கை,
கும்பகோணம்.

பெறுநர்:
மாண்புமிகு வாரிசுகள் பேரவை,
தலைமையிடம்: குடும்ப வாட்ஸ்அப் குழு.

பொருள்: அப்பா விட்டுப்போன ஓட்டு வீடு – சொத்து வரி மற்றும் மராமத்துச் செலவைப் பகிர்தல் – தொடர்பாக.

பார்வை: 1. வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழ். 2. மாநகராட்சியின் அரையாண்டு வரிக் கேட்பு. 3. கொத்தனாரின் மதிப்பீட்டைக் குழுவில் போட்டபோது பேரவை பதிலாக அளித்த ஐந்து கைகூப்புப் பொம்மைகள்.

பேரவையின் மேலான சமூகத்துக்கு,

பார்வை 3-இல் கண்ட பொம்மைகள் ஒப்புதலா, மறுப்பா, அனுதாபமா என்று தெளிவுபடுத்தும்படி முதற்கண் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். கொத்தனார் அவற்றை முன்பணமாக ஏற்க மறுத்துவிட்டார்.

வீட்டை விற்கக் கூடாது என்ற பேரவையின் ஒருமனதான தீர்மானத்தை வரவேற்கிறேன். 'அது அப்பா நடமாடின இடம்' என்று சிங்கப்பூரிலிருந்து அக்கா அனுப்பிய குரல்பதிவைக் கேட்டு நானும் கண் கலங்கினேன். அதே முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் இப்போது மழை நீரும் நடமாடுகிறது. அதற்கும் ஒரு தீர்மானம் தேவைப்படுகிறது.

செலவை எப்படிப் பிரிப்பது என்பதற்கு, சென்னையிலிருக்கும் அண்ணன் ஏற்கெனவே ஒரு சூத்திரம் அருளியிருக்கிறார். வாரிசுச் சான்றிதழில் ஆறு பெயர்கள் இருக்கின்றன, ஆகவே செலவை ஆறாகப் பிரிக்கலாம் என்கிறார். எளிமையான கணக்குதான். அண்ணன், அக்கா, நான் என்று மூன்று பேர். அப்பாவுக்கு முன்பே போய்விட்ட சின்ன அண்ணனின் குடும்பத்தில் அண்ணியும் இரண்டு பிள்ளைகளுமாக இன்னும் மூன்று பேர். இந்தச் சூத்திரப்படி செலவில் சரிபாதி அண்ணி வீட்டுத் தலையில் விழும். ஆனால் பாகம் என்று பேச்சு வந்தால் அதே அண்ணன், 'அவங்க மூணு பேரும் ஒரே குடும்பம்தானே, அவங்களுக்குச் சேர்த்து ஒண்ணு' என்கிறார். செலவுக்கு மூன்று தலை, சொத்துக்கு ஒரு தலை.

இதில் அண்ணன் சொன்ன இரண்டாவது வாக்கியம்தான் சட்டம். வீடு அப்பாவின் சுயசம்பாத்தியம், உயில் இல்லை, அம்மாவும் அப்பாவுக்கு முன்பே காலமாகிவிட்டார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. முன்பே இறந்த மகனின் கிளைக்கு ஒரு பங்கு. அந்த ஒன்றை அண்ணியும் பிள்ளைகளும் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆக, வீடு நான்கு பங்கு. அண்ணன் கால், அக்கா கால், நான் கால், அண்ணி வீடு மொத்தமும் கால். வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று மட்டும்தான் சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. பங்கு எந்தப் பின்னமோ செலவும் அந்தப் பின்னம்தான் என்பதே இக்கடிதத்தின் அடிப்படைக் கோரிக்கை.

இந்த இடத்தில், 'கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு எதுக்குப் பங்கு' என்று பேரவையில் அவ்வப்போது எழும் முணுமுணுப்பையும் பரிசீலிக்கிறேன். ஓடு உடைந்த செய்தி வந்தால் 'நீதானே உள்ளூர்ல இருக்கே, நீயும் வாரிசுதானே' என்கிற அதே குரல்தான் அது. பேரவை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மழைக்காலத்தில் மட்டும் மகளாக இருப்பதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

இனிச் செலவின் வகைகள். மூன்றே மூன்றுதான்.

முதல் வகை, வீடு வீடாக நிற்பதற்கான செலவு. சொத்து வரி, கூரை, சுவர், வடிகால் ஆகியவை இதில் அடங்கும். இதை வீட்டில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பங்கின்படி எல்லோரும் ஏற்க வேண்டும். 'நான் அங்கே இல்லையே' என்று அக்கா கேட்கலாம். மழைக்கு அது தெரியாது. இரண்டாவது வகை, புழங்குவதற்கான செலவு. மின்கட்டணம் போன்றவற்றைப் புழங்குகிறவர் கட்ட வேண்டும். பின்கட்டில் குடியிருப்பவர் தன் மீட்டருக்குத் தானே கட்டுகிறார். பேரவையில் முறையாக நடந்துகொள்ளும் ஒரே ஆள் அவர்தான் என்பதையும், அவர் வாரிசு இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். மூன்றாவது வகை, ஆசைக்கான செலவு. பொங்கலுக்கு வந்து தங்கும் இரண்டு நாளுக்காக அண்ணன் கேட்கும் மேல்நாட்டுக் கழிப்பறையும் ஏசியும் இதில் வரும். தாராளமாகச் செய்யலாம். மற்றவர்களின் எழுத்துமூலச் சம்மதத்தோடு, தன் சொந்தப் பணத்தில். பிற்பாடு பாகம் பிரியும்போது, முடிந்தவரை அந்தப் பகுதியை அவர் பக்கமே ஒதுக்கும்படி கேட்கலாம். அதை இப்போதே நாலாகப் பிரித்து எங்களிடம் வசூலிக்க முடியாது.

எது மராமத்து, எது ஆசை என்பதில் தகராறு வரும். ஆகவே தாழ்வாரத்தின் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். முற்றத்து மூலையில் இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் இடத்தில் போட்டிருக்கும் தகரக் கால்வாய் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. ஓட்டு வீட்டில் முதலில் போகிற இடம் அதுதான், ஏனென்றால் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும். ஓட்டை வழியே இறங்கும் நீர், கால்வாயின் அடியில் ஓடும் சட்டத்தின் நுனியை நனைக்கிறது. கீழே நின்று பார்த்தால் பழுப்பாக ஒரு கறை மட்டும் தெரியும். ஏணி வைத்து ஏறி, சட்டத்தின் நுனியில் திருப்புளியால் குத்திப் பார்த்தால்தான் நிலைமை புரியும். நல்ல மரம் திருப்புளியைத் தடுக்கும், உளுத்தது உள்ளே வாங்கிக்கொள்ளும். நமது சட்டம் தாராள மனசோடு வாங்கிக்கொண்டது.

இந்த நிலையில் தகரத்தையும் சில ரீப்பர்களையும் ஓடுகளையும் மாற்றி, சட்டத்தின் நுனியை வெட்டி ஒட்டுப்போட்டால் போதும். இன்னொரு மழைக்காலம் விட்டால் சட்டத்தையே மாற்ற வேண்டும். அதற்கடுத்து, அது உட்கார்ந்திருக்கும் உத்திரம். அப்போது தாழ்வாரம் முழுவதையும் பிரிக்காமல் வேலை நடக்காது. கைகூப்புப் பொம்மை அனுப்பி ஒத்திவைப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பது இதுதான்.

கணக்குக்கு வருவோம். இப்போது அரையாண்டு வரி ரூ.2,400, ஆண்டுக்கு ரூ.4,800. அப்பா காலத்துத் தொகையை அண்ணன் இன்னும் நினைவில் வைத்திருப்பது நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் 2022-இல் சென்னைக்கு வெளியே 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு வரி 100 சதவீதம் உயர்ந்தது, நம் வீடும் அந்தக் கணக்கில் வந்தது. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழியும். ஆகவே ஆண்டுக்கு ரூ.4,560. மராமத்து மதிப்பீடு ரூ.63,440. மொத்தம் ரூ.68,000.

இதில் கழிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பின்கட்டு வாடகை மாதம் ரூ.3,000, ஆண்டுக்கு ரூ.36,000, அண்ணனின் கைபேசிக்கு நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. 'பத்திரமா வச்சிருக்கேன்' என்கிறார். நம்புகிறேன். பொதுச் சொத்தின் வாடகையை ஒருவர் வாங்கினால் மற்றவர்களுக்குக் கணக்குக் காட்டும் கடமை அவருக்கு உண்டு என்பதால், அந்தப் பத்திரமான இடத்திலிருந்து அதை வெளியே எடுக்கும்படி வேண்டுகிறேன். மீதி ரூ.32,000. நான்கு பங்கு என்றால் பங்குக்கு ரூ.8,000. அண்ணி வீட்டுக்கும் அதே ரூ.8,000. ஆறாகப் பிரித்திருந்தால் அவர்கள் ரூ.16,000 கட்டியிருப்பார்கள். தகப்பன் இல்லாத இரண்டு கல்லூரிப் பிள்ளைகளிடமிருந்து பேரவை மிச்சம் பிடிக்க நினைத்த தொகை ரூ.8,000 என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து, ரசீது பற்றிய அச்சம். நான் வரி கட்டினால் வீட்டை வளைத்துக்கொள்வேன் என்று அண்ணன் அஞ்சுவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் தன் பெயருக்கு வரிவிதிப்பை மாற்றிவிடலாம் என்றும் யோசிக்கிறாராம். இரண்டும் வீண் சிரமம். வரி ரசீதும் வரிவிதிப்புப் பதிவேட்டிலுள்ள பெயரும் உரிமைப் பத்திரம் ஆகா என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. ஒரு வாரிசு அனுபவத்தில் வைத்திருந்தால் அது எல்லா வாரிசுகளுக்காகவும் வைத்திருப்பதாகவே பொதுவாகக் கொள்ளப்படும். ஆகவே யார் வேண்டுமானாலும் அச்சமின்றி வரி கட்டலாம். வரிவிதிப்பு எண் இருந்தால் சிங்கப்பூரிலிருந்தும் இணையத்தில் கட்டலாம். அச்சத்தைக் காரணம் காட்டிக் கட்டாமல் இருப்பதுதான் இனிக் கடினம்.

ஒருவர் கட்டியதை மற்றவர்களிடம் கேட்கலாமா? கேட்கலாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, பிறர் கட்டச் சட்டப்படி கடமைப்பட்ட தொகையை, அதில் தனக்கும் நலன் இருப்பதால் ஒருவர் கட்டினால், திரும்பப் பெற வழி தருகிறது. ஆனால் வழக்குக்குப் பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. அதற்கு முந்தைய என் ரசீதுகளைத் தங்கைப் பாசம் என்ற தலைப்பில் வரவு வைத்துவிட்டேன். பிந்தையவை இணைப்பில் உள்ளன.

ஆகவே கீழ்க்கண்டவற்றை முத்திரைத்தாளில் எழுதி, பிள்ளைகள் உட்பட ஆறு பேரும் கையெழுத்திட முன்மொழிகிறேன்:

1. வாடகை முழுவதும் பொதுக் கணக்குக்கு. முதலில் வரி, பிறகு மராமத்து. பற்றாக்குறை நான்கு பங்காக.
2. ரூ.5,000 வரை உள்ளூரில் இருப்பவர் ரசீதோடு செலவு செய்யலாம். அதற்கு மேல் இரண்டு மதிப்பீடுகளும் மூன்று பங்கின் சம்மதமும் வேண்டும். ஏழு நாள் மௌனமும் கைகூப்புப் பொம்மையும் சம்மதமே.
3. கட்டாதவர் பங்கை மற்றவர்கள் கட்டினால், ஆண்டுக்கு 9 சதவீதத் தனிவட்டியுடன் பற்று எழுதப்படும். பாகம் பிரிக்கும்போதோ விற்கும்போதோ அவர் பங்கிலிருந்து கழியும்.
4. ஆசைச் செலவு ஆசைப்பட்டவருடையது.

இந்த ஒப்பந்தம் வீட்டைப் பிரிக்காது. அதற்குப் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம் வேண்டும். சகித்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் இருக்கிறது. பிரிக்கத் தோதில்லாத வீட்டை, பாதிக்குக் குறையாத பங்குடையவர்கள் கேட்டால், விற்றுப் பணமாகப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்பா நடமாடின இடத்தில் அப்போது ஏலம் நடமாடும்.

அக்டோபர் 31 ஊக்கத்தொகைக்குக் கடைசி நாள். வடகிழக்குப் பருவமழையும் அதே மாதம்தான் வரும். பேரவையின் வசதிக்காக இரண்டில் ஒன்றைத் தள்ளிவைக்க மாநகராட்சியும் மறுத்துவிட்டது, வானமும் மறுத்துவிட்டது. ஆகவே மேற்கண்ட நான்கு விதிகளுக்கும் ஆம், இல்லை என்று எழுத்தில் பதில் கோருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள காற்பங்குக்காரி.

இணைப்பு: வரி ரசீதுகள், கொத்தனார் மதிப்பீடு, திருப்புளி உள்ளே போன புகைப்படம்.

நகல்: தாழ்வாரத்துக் கரையான்கள் – வீட்டில் தங்கள் பங்கை இதுவரை சண்டையில்லாமல் எடுத்துக்கொண்டு வருபவர்கள் என்ற முறையில், தகவலுக்காக.