ஆடிக்காற்றை ஐந்தாகப் பிரித்த வகுப்பு

பருவக்காற்றுப் பாடம் என்றதும் என் வயதுக்காரர்களுக்கு வரைபடம்தான் முதலில் நினைவுக்கு வரும். தலைமையாசிரியர் அறையின் மூலையில் சுருட்டிச் சாத்தியிருக்கும் அந்தத் துணி வரைபடத்தை எடுத்துவர யாரை அனுப்புவார்கள் என்பதில் வகுப்பில் பெரிய போட்டியே நடக்கும். போய் எடுத்து வந்தவன் அன்று முழுவதும் கொஞ்சம் நிமிர்ந்தே நடப்பான். வரைபடம் வராத நாட்களில் எங்கள் புவியியல் வாத்தியார் சாக்கட்டியைக் கரும்பலகையில் வைத்தால், காஷ்மீரத்தில் தொடங்கி, கட்ச் வளைகுடாவில் ஒரு நெளிவு நெளிந்து, குமரிமுனையில் திரும்பி, வங்காளம் வழியாக மறுபடி மேலே ஏறும் வரை கையை எடுக்கவே மாட்டார். பிறகு நீலச் சாக்கட்டி வரும், அதில் அம்புக்குறிகள் வரும், அவர் குரலில் காற்று கிளம்பும்.

தென்காசிக்குக் கிழக்கே, மேற்கு மலை நீலமாகத் தெரியும் தூரத்தில் இருந்தது எங்கள் ஊர். ஆடி மாதத்தில் மலை உச்சியில் மேகம் மூட்டை மூட்டையாக உட்கார்ந்திருக்கும். எங்கள் தெருவுக்கோ காற்றும் புழுதியும்தான் வரும், எப்போதாவது ஒரு தூறல் விழும். அம்மியும் பறக்கும் என்று பாட்டிகள் சொன்ன அந்தக் காற்றில் ஓட்டுக்கூரை தடதடக்க, உள்ளே வாத்தியார் தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். ஜூன் முதல் செப்டம்பர் வரை, அரபிக்கடல் கிளை, வங்கக்கடல் கிளை, மழைமறைவுப் பகுதி என்று நாங்கள் கோரஸாகத் திருப்பிச் சொல்வோம். அந்தக் கூட்டுக்குரலில் ஒரு சுகம் இருந்தது. ஒருவனுக்கு மறந்தாலும் வகுப்புக்கு மறக்காது.

எங்கள் பக்கத்து ஊர் அரசுப் பள்ளி ஒன்றில் சென்ற ஆண்டு ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பாடம் அதேதான், ஆனால் வகுப்பில் பேசியவர்கள் பிள்ளைகள். நாற்பது பேரை ஐந்தைந்தாகப் பிரித்து எட்டுத் தாய்க்குழுக்களாக உட்கார வைத்திருந்தார் அந்த இளம் ஆசிரியை. நன்றாகப் படிப்பவர்களும் தடுமாறுபவர்களும், ஆண்களும் பெண்களும், மேலத்தெருவும் கீழத்தெருவும் கலந்திருக்கும்படி பட்டியலை முதல்நாளே எழுதி வைத்துவிட்டாராம். ஜிக்சா முறை என்று இதற்குப் பெயர். படத்துண்டுகளைப் பொருத்தி முழுப்படம் ஆக்குகிற விளையாட்டிலிருந்து வந்த பெயர்.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், 1971இல், உளவியலாளர் எலியட் ஆரன்சன் தம் மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கியது இது. கறுப்பின, வெள்ளை, மெக்சிக வழிப் பிள்ளைகள் அப்போதுதான் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் முந்துவதே படிப்பு என்றிருந்த வகுப்பறையில் பகை வளர்ந்தது. எல்லோர் கையிலும் ஆளுக்கொரு துண்டுப் பாடத்தைக் கொடுத்துவிட்டால், பக்கத்தில் இருப்பவனைக் கேலி செய்ய முடியாது, அவன் சொல்வதைக் கேட்டே ஆகவேண்டும் என்று ஆரன்சன் கண்டார். பிள்ளையே பிள்ளைக்குப் பாடம் சொல்வது நம் மண்ணுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை அதைத்தான் செய்தார். சென்னையில் அனாதைச் சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே கண்ட பழக்கத்திலிருந்து முறை வகுத்து 1797இல் நூலாக்க, இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பரவியது. ஆனால் சட்டாம்பிள்ளைக்குத் தெரியும், மற்றவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான் அதில் உறவு. ஜிக்சாவில் எல்லோரும் ஒரு துண்டுக்குச் சட்டாம்பிள்ளை, மற்ற நான்குக்கு மாணவர்.

பருவக்காற்றை அந்த ஆசிரியை எப்படி வெட்டியிருந்தார் என்பதில்தான் என் மனம் போய் நின்றது. ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைத் துண்டாக்குவது எளிது. எந்தத் துண்டும் தனியே நிற்கும். பருவக்காற்று அப்படியல்ல, ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிற காரணச் சங்கிலி. பாடநூலின் பக்கங்களை அப்படியே ஐந்தாகக் கிழித்துக் கொடுத்தால் ஒருவனுக்குக் காரணம் போகும், இன்னொருவனுக்கு வெறும் ஊர்ப்பெயர்கள் போகும். அவர் வேறு விதமாக எழுதிக் கொண்டு வந்திருந்தார். முதல் துண்டு, கோடையில் கடலைவிட நிலம் வேகமாகச் சூடாகி வடமேற்கு இந்தியாவில் தாழ்வழுத்தம் உண்டாவது. இரண்டாவது, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கிலிருந்து வரும் காற்று, கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் வளைந்து தென்மேற்கிலிருந்து வீசுவது. மூன்றாவது, அந்த ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறிக் குளிர்ந்து மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது சூடேறி உலர்ந்துவிடுவது. நான்காவது, அக்டோபரில் நிலம் குளிர்ந்து காற்று திசை மாறி, வடகிழக்கிலிருந்து வங்கக்கடலைக் கடந்து வரும்போது ஈரம் சேர்த்துக்கொள்வது.

ஐந்தாவது துண்டில் விளக்கமே இல்லை, ஒரு சிறு அட்டவணை மட்டும்தான். மும்பையில் ஜூலையில் 80 செ.மீ.க்கு மேல் மழை, சென்னையில் அதே மாதம் 10 செ.மீ. அளவில். நவம்பரில் சென்னையில் 35 செ.மீ.க்கு மேல், மும்பையில் 2 செ.மீ.கூட இல்லை. இதை வாங்கியவன் கையில் இருப்பது ஒரு புதிர். மற்ற நால்வரும் சொல்லாமல் அது அவிழாது. அவன் கேட்காமல் அந்த நால்வருக்கும் தாங்கள் படித்தது எதற்கு என்று தெரியாது.

முதல் பாடவேளையில் பத்து நிமிடம் தனியே வாசிப்பு. பிறகு ஒரே துண்டு கிடைத்தவர்கள் நிபுணர் குழுவாகக் கூட வேண்டும். எட்டுத் தாய்க்குழு என்பதால் ஒரு துண்டுக்கு எட்டுப் பேர். எட்டுப் பேர் சேர்ந்தால் மூவர் பேசுவார்கள், ஐவர் வேடிக்கை பார்ப்பார்கள் என்று அந்த எட்டையும் நான்கு நான்காகப் பிரித்துவிட்டார். வாசித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்துவிட வேண்டும், ஒரே ஒரு படம் வரைந்துகொள்ளலாம், கேட்பவர்களிடம் கேட்க இரண்டு கேள்விகள் தயார் செய்ய வேண்டும் என்பவை நிபந்தனைகள். தாள் கையில் இருந்தால் பிள்ளைகள் அதை மடமடவென்று வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மற்றவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். யாரும் யாருக்கும் எதையும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள்.

இந்த அரை மணிநேரத்தில்தான் ஆசிரியைக்கு உண்மையான வேலை. இரண்டாவது துண்டுக் குழு ஒன்றில் அம்புக்குறியை நிலத்திலிருந்து தென்மேற்கு நோக்கிப் போட்டிருந்தார்கள். பேரில் தென்மேற்கு இருக்கிறது, ஆகவே காற்று அங்கே போகிறது என்பது அவர்கள் கணக்கு. அந்தத் தவறு அங்கேயே பிடிபடாவிட்டால் நான்கு தாய்க்குழுக்களுக்குப் பாடமாகவே போய்விடும். ஆசிரியை அம்பை அழிக்கவில்லை. "ஆடி மாசம் உங்க தெருவுல புழுதி எந்தப் பக்கமிருந்துப்பா வருது?" என்று மட்டும் கேட்டார். மலைப்பக்கமிருந்து என்றார்கள். கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, அழிரப்பரைத் தேடினார்கள்.

இரண்டாம் பாடவேளையில் எல்லோரும் தாய்க்குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு ஐந்து நிமிடம் சொல்லிக் கொடுத்தார்கள். என் பக்கத்துக் குழுவில் மூன்றாவது துண்டை வைத்திருந்த பெண், மலையை ஒரு முக்கோணமாக வரைந்து, இந்தப் பக்கம் குற்றாலத்துச் சாரல் என்று ஒரு கோடும், அந்தப் பக்கம் கேரளா என்று நிறையக் கோடுகளும் போட்டு, மலையைத் தாண்டி இறங்குகிற காற்றுக்கு ஒரு நீள அம்பு இழுத்தாள். கணவாய் இருக்கிற இடத்தில் கொஞ்சம் ஈரம் தப்பி வருவதால்தான் குற்றாலத்துக்குச் சாரல் என்று அவளாகவே சேர்த்துக்கொண்டாள். அட்டவணை வைத்திருந்த பையன் அந்த நீள அம்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏட்டி, அப்பம் நம்மூரு ஆடிக்காத்துங்கதே இந்தத் தென்மேற்குக் காத்துதானா?" என்றான். கயத்தாறு பக்கம் காற்றாலை சுற்றுவதும் இதனால்தானே என்று இன்னொருவன் எட்டிப்பார்த்தான். ஓட்டுக்கூரை தடதடக்க நாங்கள் கோரஸ் பாடிய வருடங்களில், பாடத்தில் வந்த காற்றும் கூரையில் மோதிய காற்றும் ஒன்றுதானா என்று எங்கள் வகுப்பில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்கிற இடம் எங்களுக்கு இருந்ததில்லை.

கடைசிப் பத்து நிமிடம் எல்லோருக்கும் தனித்தனியே தேர்வு, மதிப்பெண்ணும் தனித்தனியே. கேள்வி ஒன்றுதான்: ஜூலையில் மும்பை நனையும்போது சென்னை ஏன் நனைவதில்லை, நவம்பரில் ஏன் தலைகீழாகிறது? தாள்களைத் திருத்தும்போது எழுதியவரின் சொந்தத் துண்டை ஆசிரியை பார்ப்பதில்லை, மற்ற நான்கையும்தான் பார்க்கிறார். ஒரு தாய்க்குழுவில் தேர்வு எழுதிய நால்வருமே வடகிழக்குக் காற்று நிலத்திலிருந்து வருவதால் வறண்டது என்று எழுதி, வங்கக்கடலை விட்டிருந்தார்கள். நான்காவது துண்டுக்காரி அன்று வரவில்லை, அவள் தாளை இன்னொருவன் அவசரமாக வாசித்துச் சொல்லியிருந்தான். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியைத் தரும் காற்று அந்தக் குழுவுக்கு மட்டும் மழையில்லாமலே வந்துபோயிற்று. யாருடைய துண்டு சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதைத் தாள்களே காட்டிக்கொடுத்துவிட்டன.

இப்போது பிள்ளைகள் செல்போனில் மேகம் நகர்வதையே பார்க்கிறார்கள். எங்களுக்கு நீலச் சாக்கட்டி அம்புதான் மேகம். ஆனாலும் அன்று நான் எதற்கு ஏங்கினேன் என்றால், கரும்பலகையில் கை எடுக்காமல் ஓடிய அந்தக் கோட்டுக்கும், காற்று கிளம்பியது முதல் மழை ஓய்ந்தது வரை ஒரே மூச்சில் சொன்ன அந்தக் குரலுக்கும்தான். துண்டு துண்டாகக் கேட்ட பிள்ளைகளுக்கு முழுக்கதை ஒருமுறை சேர்ந்தாற்போல் காதில் விழவே இல்லை. அதை அந்த ஆசிரியையிடம் சொன்னேன். மறுநாள் முதல் பத்து நிமிடம் அதற்குத்தான் என்று வைத்திருப்பதாகவும், முதல்நாளே சொல்லிவிட்டால் யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள் என்றும் சொன்னார். எங்கள் வாத்தியார் முதலில் சொல்லி முடித்துவிடுவார், நாங்கள் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. இவர் கேள்விகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, சொல்வதைக் கடைசிக்கு வைத்திருக்கிறார். அந்த வரிசையில் சொன்னால் எங்கள் வாத்தியாரின் கதை இன்னும் நன்றாகவே இருந்திருக்கும்.