போகும் விமானம் வேறு, வரும் விமானம் வேறு

சிங்கப்பூர்
8.12.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீங்கள், பெரியம்மா, பெரியம்மாவின் மூட்டுவலி எல்லோரும் நலந்தானே?

பொங்கலுக்கு வரும் டிக்கெட்டைத் தம்பிக்கு அனுப்பியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா, "வர்றது ஒரு ஏரோப்ளேன், திரும்பறது வேற ஏரோப்ளேனா? அப்ப முதல்ல வந்தது திருச்சியிலேயே நின்னுடுமா?" என்று கவலைப்பட்டாராம். நீங்களோ, "ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனியில எடுத்தா குறைச்சுத் தர மாட்டானா?" என்று கேட்டீர்களாம். முப்பது வருஷம் புதுக்கோட்டை டிப்போவில் டிக்கெட் கொடுத்தவர் கேட்கும் கேள்விக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி பதில் போட்டால் மரியாதையாக இருக்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் பஸ்ஸில் முதலில் ஏறியவருக்கும் கடைசியில் தொங்கியவருக்கும் ஒரே கட்டணம். விமானத்தில் அப்படி இல்லை. மலிவு விலையில் சில சீட்டுகள்தான். அவை விற்றுத் தீர்ந்ததும் அடுத்த விலை, அதுவும் தீர்ந்தால் அதற்கும் மேல். பக்கத்து சீட்டுக்காரரிடம் "நீங்க எவ்வளவு கொடுத்தீங்க?" என்று கேட்காமலிருப்பதே பயணம் முழுக்க நிம்மதி. சிங்கப்பூர்–திருச்சி வழியில் ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மூன்றும் பறக்கின்றன. இந்த மாதிரி சிக்கன விமானங்கள் போவதற்கு ஒரு விலை, வருவதற்கு ஒரு விலை என்று தனித்தனியாகத்தான் போடுகின்றன. இரண்டையும் சேர்த்து வாங்கினாலும் பெரும்பாலும் வெறும் கூட்டல்தான், தள்ளுபடி கிடையாது. ஆகவே போகும் சீட்டை மலிவாக இருக்கும் இடத்திலும், வரும் சீட்டை அது மலிவாக இருக்கும் இடத்திலும் வாங்கலாம்.

என் கணக்கையே சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். அடுத்த வாரம் விலையை மாற்றிவிட்டு என்னைப் பொய்யனாக்குவார்கள். முதல் கம்பெனி ஜனவரி 13 மாலை கிளம்புகிறது. வேலை முடிந்து நேராக ஏறலாம் என்பதால் எல்லோரும் அதில் விழுந்து 340 வெள்ளி ஆகிவிட்டது. அதே கம்பெனி திருச்சியிலிருந்து திரும்பும் நேரமோ நடுராத்திரி ஒரு மணி. யாருக்கும் பிடிக்கவில்லை, 130 வெள்ளிதான். இரண்டாவது கம்பெனி இதற்கு நேர்மாறு. போவது வெறும் 210 வெள்ளி, ஏனென்றால் விடியற்காலையில் கிளம்புகிறது. வருவது 290 வெள்ளி, ஏனென்றால் ஞாயிறு மதியம் ஏறினால் ராத்திரி வீட்டில் தூங்கிவிட்டு மறுநாள் வேலைக்குப் போகலாம்.

210-ஐயும் 130-ஐயும் கூட்டினால் 340. இங்கேதான் நம் ஆட்கள் சந்தோஷத்தில் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது கம்பெனியின் விலையில் பெட்டியும் அடக்கம். முதல் கம்பெனியின் 130-இல் கைப்பைக்கு மட்டுமே இடம். பெட்டிக்குத் தனியாக 45 வெள்ளி கட்டவேண்டும். அதையும் டிக்கெட்டோடு சேர்த்து வாங்கினால்தான் 45. விமான நிலையத்துக்குப் பெட்டியோடு போய்க் கேட்டால் அந்த விலையில் தரமாட்டார்கள். பெட்டி இல்லாமல் வரலாமே என்பீர்கள். பெரியம்மாவின் முறுக்கு மாவு, சாம்பார்ப் பொடி, ஊறுகாய் மூன்றையும் விட்டுவிட்டு வரும் தைரியம் எனக்கில்லை. ஆக, பெட்டியோடு கணக்குப் போட்டால் முதல் கம்பெனியிலேயே போய்வர 560, இரண்டாவதிலேயே போய்வர 500, கலந்து எடுத்தால் 385. திருச்சியிலிருந்து கிளம்பும் டிக்கெட்டை ரூபாயில் விலை போட்டார்கள். என் கார்டுக்காரன் அந்நியச் செலாவணி என்று ஒரு 5 வெள்ளி பிடுங்கிக்கொண்டான். அப்படியும் 110 வெள்ளி மிச்சம்.

சும்மா கிடைத்த 110 இல்லை, பெரியப்பா. என் அறையில் ஒரு மன்னார்குடிக்காரர் இருக்கிறார். போன வருஷம் அவரும் இப்படித்தான் எடுத்தார். போகும் விமானத்தைக் கம்பெனியே ரத்து செய்துவிட்டு, அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஒரே கம்பெனியில் ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் போவது, வருவது இரண்டையும் சேர்த்து மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கலாம். இவர் திரும்பும் கம்பெனிக்குப் போன் செய்தபோது, "எங்க விமானம் கிளம்புதுங்க சார். நீங்க திருச்சிக்கு வந்தா ஏத்திக்கிறோம்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் கோபத்துக்குக் காரணம்.

அதே மனிதருக்கு இதே ஏற்பாடு இந்த வருஷம் கைகொடுத்தது. ஆடியில் லீவு தள்ளிப்போய்ப் போகும் விமானத்தைத் தவறவிட்டார். ஒரே டிக்கெட்டில் இரண்டு பயணமும் இருந்தால், முதல் பயணத்துக்கு ஆள் வரவில்லை என்றதும் பொதுவாகத் திரும்பும் சீட்டையும் ரத்து செய்துவிடுவார்கள். இவருடையது தனி டிக்கெட் ஆனதால் அது பத்திரமாக இருந்தது. போவதற்கு மட்டும் வேறொன்று வாங்கிக்கொண்டு ஊர்போய்ச் சேர்ந்தார். இப்போது யார் கேட்டாலும் தனித்தனியாக எடுக்கச் சொல்லி உபதேசம் செய்கிறார். போன வருஷக் கதையைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

இந்த வித்தை எல்லா இடத்திலும் பலிக்காது. அமெரிக்காவிலிருக்கும் நம் சித்தப்பா மகன் இதைக் கேட்டு ஆசைப்பட்டுத் தேடிப் பார்த்தான். அவ்வளவு தூரம் போகும் பெரிய கம்பெனிகள் போய்வரும் டிக்கெட்டுக்குத்தான் நல்ல விலை கொடுக்கும். ஒருவழி மட்டும் கேட்டால் பாதி விலைக்குத் தராது. சில சமயம் போய்வரும் விலையையே தாண்டிவிடும். அவன் இன்னமும் என்மேல் வருத்தத்தில் இருக்கிறான்.

தம்பியிடம் ஒன்று மறக்காமல் சொல்லுங்கள். திரும்பும் டிக்கெட்டில் ஜனவரி 19, திங்கள், 1:00 என்று இருக்கும். அது 18 ஞாயிறு ராத்திரி. ஞாயிறு ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் காரை எடுக்கவேண்டும். திங்கட்கிழமை ராத்திரி எடுத்தால், நான் அதற்கு முன்பே இங்கே ஆபீஸில் ஒரு நாள் வேலை பார்த்து முடித்திருக்கவேண்டும். இங்கே இறங்கும்போது மணி காலை எட்டு ஆகிவிடும். முறுக்கு மாவோடு நேராக வேலைக்குத்தான்.

மே மாதம் நீங்களும் பெரியம்மாவும் வரும்போது இந்தச் சில்லறை வேலையெல்லாம் வேண்டாம். உங்களுக்கு ஒரே கம்பெனியில், ஒரே டிக்கெட்டாக எடுக்கிறேன். பெரியம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்கவேண்டும். இரண்டு கம்பெனி என்றால் இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லி, இரண்டு பேரும் குறித்துக்கொண்டார்களா என்று பார்க்கவேண்டும். திருச்சி கவுண்டரில் திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்பார்கள். ஒரே காகிதத்தில் இருந்தால் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். அப்புறம் பெயர். நம் வீட்டு பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் கட்டம் காலி. அந்தக் கட்டத்தில் ஒரு கம்பெனி உங்கள் பெயரையே மறுபடி எழுதச் சொல்லும், இன்னொன்று LNU என்று போடச் சொல்லும். போகும்போது ஒரு பெரியப்பா, வரும்போது வேறொரு பெரியப்பா என்றாகிவிட்டால் கவுண்டரில் விளக்கம் சொல்வது யார்?

இரண்டு பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் நிழல் விழாமல் படம் எடுத்துத் தம்பியை அனுப்பச் சொல்லுங்கள். மே மாத விலை இப்போதே ஏற ஆரம்பித்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்