செவ்வாய்க்கு அடுத்தது புதன்

தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால் சரக்கை வாங்கிக்கொண்டு, பொங்கலெல்லாம் கழிந்து காசு தருகிறேன் என்று சொல்லும் கடைக்காரரிடம் எனக்குப் பெரிய புகார் ஒன்றும் இல்லை. காஞ்சிபுரத்தில் தறி வைத்திருப்பவர்களுக்கு அதெல்லாம் காற்று மழை மாதிரி. என் புகார் தேதியைப் பற்றியது. மைத்துனர் கொடுத்த சேலைகளுக்கு 2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை பில். 120 நாள் தவணை. கடையிலிருந்து வந்த பின்தேதிக் காசோலையில் பிப்ரவரி 14 என்று போட்டிருக்கிறது.

போன் செய்தேன். "நூத்தி இருபது நாள்னா நாலு மாசம்தானே சார்?" என்றார் கடை மேலாளர். முப்பதை நாலால் பெருக்கினால் நூற்றிருபது. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவர் போலிருக்கிறது. எல்லா மாதத்துக்கும் முப்பது நாள் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் என்றுதான் தெரியவில்லை.

இதற்கு ஒரு சட்டமும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. அதற்கு முன் கணக்கை முடித்துவிடுகிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் என் மாமனாரிடம் காசோலையைக் காட்டினேன். தறியில் உட்கார்ந்திருந்தார். கையில் காலண்டரும் இல்லை, போனும் இல்லை. "என்ன கிழமை போட்ட பில்லு மாப்பிள்ளை?" என்றார். செவ்வாய் என்றேன். "அப்ப புதன்லதான் விழணும். இது சனிக்கிழமை. தப்பு." நாளை எண்ணவே இல்லை மனிதர். பதினேழு வாரம் 119 நாள், மிச்சம் ஒன்று. எந்தக் கிழமையில் தொடங்கினாலும் 120 நாள் கழித்து அதற்கு அடுத்த கிழமைதான் வரும். தப்பைக் கண்டுபிடிக்க இது போதும். சரியான தேதியைக் கண்டுபிடிக்கத்தான் அவர் தாண்ட ஆரம்பித்தார்.

அவர் தாண்டுவது நாலு நாலு வாரமாக. நாலு வாரம் என்றால் 28 நாள். முப்பத்தொன்று உள்ள மாதத்தைத் தாண்டினால் தேதி மூன்று குறையும். முப்பது உள்ளதைத் தாண்டினால் இரண்டு குறையும். சாதாரண பிப்ரவரியில் குறையவே குறையாது. அக்டோபர் 14-லிருந்து ஒரு தாண்டு, மூன்று குறைந்து நவம்பர் 11. நவம்பருக்கு முப்பது, இரண்டு குறைந்து டிசம்பர் 9. அப்புறம் ஜனவரி 6. அப்புறம் பிப்ரவரி 3. பதினாறு வாரம் ஆயிற்று, நாலு தடவையும் செவ்வாய்தான். இன்னும் ஒரு வாரம், பிப்ரவரி 10. இன்னும் ஒரு நாள், பிப்ரவரி 11, புதன். இத்தனைக்கும் கை நாடாவை விடவில்லை.

எனக்கு அவ்வளவு தாண்டப் பொறுமை இல்லை. நான் நாலு மாதத்தை ஒரேயடியாகத் தாண்டிவிட்டு, உபரியைக் கழிப்பவன். அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 31, ஜனவரி 31, ஆக 123. உபரி மூன்று. பிப்ரவரி 14-ல் மூன்று போனால் 11. இந்த உபரியை ஒவ்வொரு தடவையும் கூட்ட வேண்டியதில்லை, மனப்பாடமே செய்யலாம். ஜனவரி, பிப்ரவரி, நவம்பரில் தொடங்கினால் உபரி இல்லை, அதே தேதிதான். டிசம்பருக்கு ஒன்று. மே, ஜூலை, அக்டோபருக்கு மூன்று. மீதி மாதங்களுக்கெல்லாம் இரண்டு. லீப் வருஷத்தில் வழியில் பிப்ரவரி 29 குறுக்கிட்டால் கூட ஒன்று. இதைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் விளக்கியபோது என் மனைவி ரசத்தைப் பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன். இதில் அழகு, இல்லாத தேதிக்கும் இது வேலை செய்யும். அக்டோபர் 31-லிருந்து நாலு மாதம் என்றால் பிப்ரவரி 31. அப்படி ஒரு நாளைப் பஞ்சாங்கக்காரர்கூட ஒப்புக்கொள்ள மாட்டார். பதறாமல் மூன்றைக் கழியுங்கள், பிப்ரவரி 28. விரல் விட்டு எண்ணினாலும் அதுதான். ரயில்வேக்காரர்கள் 2024 அக்டோபர் 31-ஆம் தேதியோடு 120 நாள் முன்பதிவை மூட்டை கட்டிவிட்டு, நவம்பர் 1 முதல் 60 நாளாக்கினார்களே, அந்தக் கடைசி நாளில் அதிகபட்சம் 2025 பிப்ரவரி 28 வரைதான் டிக்கெட் எடுக்க முடிந்தது. பிப்ரவரி 31 வழியாகப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ரயில்வேயில் அந்த 120 நாள் இருந்தவரை தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இந்தக் கணக்கு தினசரிப் பயிற்சியாக இருந்தது. அதுவும் தலைகீழாக. ஜனவரி 10 பொங்கல் ரயிலுக்கு என்றைக்குக் காலை எட்டு மணிக்குக் கணினி முன் உட்கார வேண்டும்? நாலு மாதம் பின்னால் போனால் செப்டம்பர் 10. பின்னால் போகும்போது உபரியைக் கூட்ட வேண்டும், ஆகவே 12. அங்கேயும் கழித்துவிட்டு எட்டாம் தேதி விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பரவாயில்லை, நாலு நாள் காத்திருந்தால் போதும். கூட்டவும் இல்லாமல் கழிக்கவும் இல்லாமல் பத்தாம் தேதி வந்தவர்கள் இணையதளம் கெட்டுவிட்டது என்று ரயில்வேயைத் திட்டினார்கள்.

மாமனார் கணக்கை முடித்ததும் வீட்டில் சண்டை வந்தது. சின்ன மாமனார் பிப்ரவரி 10 என்றார். அவர் கோயில் கணக்குக்காரர். கோயிலில் தொடங்கும் நாளும் ஒன்று. 2019-ல் அத்தி வரதர் வைபவம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்தது. ஜூலையில் 31, ஆகஸ்டில் 17, முதல் நாளும் சேர்த்தால்தான் 48. வியாபாரத்தில் பில் போட்ட நாள் சேராது, மறுநாள்தான் ஒன்று. பெருமாளுக்கு ஒரு கணக்கு, ஜவுளிக்கடைக்கு ஒரு கணக்கா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. தமிழ் மாதத்தில் எண்ணலாமே என்று அத்தை ஆரம்பித்தார். மார்கழி சில வருஷம் 29, ஆனி சில வருஷம் 32 என்று போகும். அந்தப் பக்கமே நாங்கள் போகவில்லை.

மூன்று நாளுக்கா இவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். கடை மேலாளரும் அதைத்தான் கேட்டார். மூன்று நாள் இல்லை ஐயா. 2026 பிப்ரவரி 14 இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. 15 ஞாயிறு. காசோலை உள்ளே போவது 16, திங்கள். பதினொன்றில் வர வேண்டியதற்கு ஐந்து நாள் தாமதம். நாலு மாதம் என்பது எந்தக் காலத்திலும் 120 நாளுக்குக் குறைவதில்லை என்பதைக் கவனியுங்கள். சமமாக இருக்கும், இல்லாவிட்டால் கூடும். அதனால்தான் கடைகள் வாயால் நாள் கணக்கும் கையால் மாதக் கணக்கும் வைத்துக்கொள்கின்றன. கணக்குத் தெரியாமல் செய்கிறார்கள் என்று நான் நம்பவில்லை.

அந்தச் சட்டத்தைச் சொல்கிறேன் என்றேன். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். உத்யம் பதிவு வைத்திருக்கும் சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் என்ன ஒப்பந்தம் போட்டாலும் தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது. மைத்துனர் அந்தப் பதிவை வைத்திருக்கிறார். ஆறு வாரம், மூன்று நாள். அக்டோபர் 14-லிருந்து அது நவம்பர் 28. வெள்ளிக்கிழமை, வங்கி திறந்திருந்தது.