கொஞ்சம் கலரா போடுங்க தம்பி

கல்யாணப் பத்திரிகைக்குப் படம் வரையச் சொல்வது பெண். பணம் அனுப்புவது மாப்பிள்ளை. திருத்தம் சொல்வது தாய்மாமா. வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்தவரும் அவர்தான். அந்தக் குழுவில் இரண்டு குடும்பமும் இருக்கிறது, பெண் மட்டும் இல்லை.

பின்னால் நிற்கும் கோபுரத்தில் அவருக்குக் குறை கிடையாது. புடவைக் கரை கிளிப்பச்சையா பாசிப்பச்சையா என்று அத்தைமார் மோதிக்கொண்டபோதும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் ஓய்ந்த பிறகு தனியாகப் போன் வரும்.

"படம் பிரமாதம் தம்பி. பொண்ணை மட்டும் கொஞ்சம் கலரா போட்டுடுங்க."

பெண் அனுப்பியிருந்த போட்டோ நிச்சயதார்த்தத்தன்று மண்டப வாசலில் எடுத்தது. வெயில் பக்கவாட்டில் விழுகிறது. ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் நிழல். நல்ல மாநிறம். ஃபில்டர் எதுவும் போடாமல், வாட்ஸ்அப் நசுக்கிவிடாதபடி டாக்குமெண்டாக அனுப்பியிருந்தாள். வரைகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சாயல் கண்ணில் இல்லை. மூக்கின் பக்கத்து நிழலிலும், உதட்டுக்குக் கீழே விழும் சிறு நிழலிலும்தான் இருக்கிறது. நீர்வண்ணப் பாணியில் முதலில் முகம் முழுக்க மெல்லிய பூச்சு, அதன்மேல் கன்னத்துக்கும் கழுத்துக்கும் சற்று அழுத்தமாக ஒன்று, கடைசியில் கண்குழியும் உதடும். நிஜக் காகிதத்தில் பூசிவிட்டால் திரும்ப வெளுக்க வைப்பது பெரும்பாடு. டேப்லெட்டில் ஒவ்வொரு பூச்சும் தனி லேயர் என்பதால் முடியும். அது மாமாவுக்கும் தெரியும்.

"கம்ப்யூட்டர்தானே தம்பி, ஒரு பட்டன்தானே?"

அடிப்பூச்சை வெளுத்தேன். நிழல்கள் அப்படியே நின்றன. மாமா போன் செய்தார்: "தாடை ஓரமா என்ன தம்பி, அழுக்கு மாதிரி?" நிழலையும் வெளுத்தேன். "மூக்கு எங்க தம்பி?" நிழல் போனால் மூக்கும் கூடவே போகும் என்று விளக்கினேன். மூக்கு வேண்டும், நிழல் வேண்டாம் என்றார். கோடு போட்டு மூக்கை நிறுத்தினேன். அது ஓவியமாக இல்லை, பள்ளிக்கூட வாசல் சுவரில் எழுதிய சரஸ்வதி மாதிரி இருந்தது.

முகம் வெளுத்தாயிற்று, கையும் கழுத்தும் பழைய நிறத்திலேயே இருக்குமா? அவற்றையும் வெளுத்தேன். உடனே நெக்லஸும் வளையலும் மங்கிவிட்டன. மாநிறத்தின்மேல் பளிச்சென்று எழுந்து நின்ற தங்க மஞ்சள், வெளிறிய தோலின்மேல் தேடினால்தான் கிடைக்கிறது. "நகையே தெரியலையே, நாப்பது பவுன் போடறோம்!" இந்தக் குரல் மாமாவின் அக்காவுடையது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து செய்தி: "பக்கத்துல நிக்கறதுல எங்க பையன் கறுப்பா தெரியறான்." அவனையும் வெளுத்தேன். இருவரும் ஆவியில் வெந்தவர்கள் போல் சிரித்தார்கள்.

"எல்லாம் சரி," என்றார் மாமா. "நம்ம பொண்ணு மாதிரியே இல்லையே!"

அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. பேசும்போதெல்லாம் "சாப்டீங்களா தம்பி" என்று கேட்காமல் இருக்க மாட்டார். அந்தப் பெண்ணைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அவர்தானாம். அத்தனை வருடம் பின்சீட்டில் உட்காரவைத்த முகத்தைப் பத்திரிகையில் பார்க்க மட்டும் ஏன் கூச்சம்? இது எனக்குப் புரியவில்லை, எரிச்சலாகவும் இருக்கிறது. தன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்து, அந்தப் போட்டோவைப் பொறுக்கி அனுப்பியவள் அவள். குழுவில் யாரும் அவளைக் கேட்கவில்லை.

படம் சிவகாசிக்குப் போனது. அட்டையை மாமாவே தேர்ந்தெடுத்தார்: சந்தன நிறம், மங்களகரம். சாதாரண ஆஃப்செட் அச்சில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைதான். வெள்ளை மை கிடையாது. வெளுப்பான இடத்தில் மை விழாது, அட்டைதான் தெரியும். அதாவது அட்டையைவிட வெளுப்பாக எவரையும் அச்சடிக்க முடியாது. இதை முன்கூட்டியே சொன்னேன். "பாத்துக்கலாம் தம்பி" என்றார்.

பத்திரிகை வந்ததும் போன். "ரெண்டு பேருக்கும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கே?"

அட்டை அவர் தேர்ந்தெடுத்தது என்று ஞாபகப்படுத்தினேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "விடுங்க, மஞ்சள் நல்லதுதான்," என்றார்.

நேற்று மறுபடி அழைத்தார். அவருடைய சொந்த மகளுக்குத் தை மாதம் கல்யாணம். "போட்டோ அனுப்பியிருக்கேன் தம்பி. இந்தத் தடவை உங்களுக்குச் சிரமமே இல்ல, நானே ஆப்புல போட்டுக் கலராக்கிட்டேன்."

திறந்து பார்த்தேன். மூக்கு இல்லை.