டிம்மருக்குள் ஒரு வண்டு

விளக்கு என்றால் எரியவேண்டும், இல்லாவிட்டால் அணையவேண்டும். பாதி எரிவதற்கு எதற்குத் தனியாகக் காசு என்றுதான் நம் வீடுகளில் கேட்பார்கள். ஆனால் தொண்ணூறுகளில் வீடு கட்டிய சிலருக்கு, ஹாலில் ஒரு கொத்து விளக்கும் அதைத் திருகிக் குறைக்க ஒரு குமிழும் இருந்தால்தான் கிரகப்பிரவேசமே பூர்த்தியானதாகத் தோன்றியது. திருச்சியில் இருக்கும் என் பெரியப்பா அந்த வகை. விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் வெளிச்சத்தை ஒருமுறை ஏற்றி இறக்கிக் காட்டிவிடுவார். காபியெல்லாம் பிறகுதான்.

அந்தக் கொத்தில் ஆறு குண்டு பல்பு, ஒவ்வொன்றும் 60 வாட். மொத்தம் 360. டிம்மர் தாங்கும் அளவு 400. கணக்கு சரியாக இருந்தது, கரண்ட் பில்தான் சரியாக இல்லை. பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த அண்ணன் ஆறையும் கழற்றிவிட்டு, 7 வாட் எல்இடி பல்பு ஆறு வாங்கி மாட்டினான். 360 வாட் 42 ஆகிவிட்டது. அப்பாவுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த திருப்தியில் அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் பெரியப்பாவிடமிருந்து எனக்கு போன். "ஹாலுக்குள்ள வண்டு பூந்துருச்சுடா. ரீங்காரம் தாங்கல. நீ கொஞ்சம் வந்துட்டுப் போ."

நான் போனபோது பெரியம்மா விளக்குமாறும் கையுமாக ஸோஃபா மேல் நின்றுகொண்டிருந்தார்கள். பெரியப்பா கீழேயிருந்து திசை சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கை அணைத்தால் வண்டு வாயை மூடிக்கொண்டது. போட்டால் மறுபடி ஆரம்பித்தது. குமிழைப் பாதியில் நிறுத்தினால் உச்சஸ்தாயி, முழுக்கத் திருகினால் அடக்கம். இவ்வளவு கட்டுப்பாடான வண்டு தமிழ்நாட்டில் கிடையாது. போதாததற்கு ஆறு பல்பும் விட்டுவிட்டுத் துடித்தன. அதிலும் ஆறும் சேர்ந்து துடிக்கவில்லை, ஒவ்வொன்றும் அதனதன் இஷ்டத்துக்கு.

காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. எதிர்வீட்டுக்காரர் எர்த் சரியில்லை என்றார். அவர் எல்லாவற்றுக்கும் எர்த் சரியில்லை என்பார், மிக்ஸி ஜாரில் பிளேடு மழுங்கினாலும்கூட. எலக்ட்ரீஷியன் தம்பி, "டிம்மரைத் தூக்கிட்டு ஃபேன் ரெகுலேட்டரைப் போட்றலாம் சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். ரெண்டும் ஒன்றல்ல. இப்போது கடையில் கிடைக்கும், நாலைந்து படியாகத் திரும்பும் ரெகுலேட்டரின் வயிற்றில் இருப்பவை கெப்பாசிட்டர்கள். ஃபேன் மோட்டாருக்காகக் கணக்குப் பார்த்து வைத்தவை. எல்இடி பல்பை அதில் மாட்டினால் மங்கவும் மங்காது, ஒழுங்காக எரியவும் எரியாது.

பெரியப்பாவுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. டிம்மர் மின்சாரத்தை இறுக்கிப் பிடித்துக் குறைவாக விடுகிறது என்றுதான் அவர் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். உண்மையில் அது நேரத்தில் கைவைக்கிறது. நம் வீட்டுக்கு வருகிற மின்சாரம் வினாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையிலும் இரண்டு பாதி என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 100 அரை அலை. டிம்மருக்குள் இருக்கும் டிரையாக் என்ற சின்ன மின்னணுச் சாமான், ஒவ்வொரு அரை அலையிலும் முதலில் கொஞ்ச நேரம் கதவைச் சாத்தி வைத்துவிட்டுப் பிறகு திறக்கும். குமிழைத் திருகும்போது, எவ்வளவு நேரம் சாத்தி வைக்கவேண்டும் என்பதைத்தான் நாம் சொல்கிறோம். அலை முடிந்து மின்சாரம் பூஜ்யத்துக்கு வந்ததும் டிரையாக் தானே அணைந்து அடுத்த அரை அலைக்குத் தயாராகும்.

இந்த டிரையாக்குக்கு ஷேர் ஆட்டோக்காரரின் குணம். குறைந்தபட்சம் இத்தனை பேர் ஏறினால்தான் வண்டியை எடுப்பார். எடுத்த பிறகும் பாதி வழியில் எல்லாரும் இறங்கிவிட்டால், ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுவார். டிரையாக் திறந்த நிலையில் நிலைக்க ஓர் அளவு மின்னோட்டம் வேண்டும், அப்படியே தொடர்ந்து இருக்க இன்னோர் அளவு வேண்டும். குண்டு பல்புகள் நல்ல பயணிகள். ஏறியது முதல் கடைசி நிறுத்தம்வரை உட்கார்ந்திருக்கும். 60 வாட் பல்பு ஒன்று மட்டுமே கால் ஆம்பியருக்குச் சற்று அதிகமாக, அலை முழுவதும் இழுத்துக்கொண்டிருக்கும்.

எல்இடி அப்படியல்ல. அதன் அடிப்பாகத்துக்குள் டிரைவர் என்ற ஒரு சுற்று இருக்கிறது. சாதாரண, மலிவான பல்பில் அது வரும் மின்சாரத்தை நேராக்கி ஒரு கெப்பாசிட்டரில் நிரப்பி வைத்துக்கொள்ளும். நிரப்புவது அலையின் உச்சியில், ஒரு நொடிப்பொழுதில். நிரம்பியதும் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், அதற்குமேல் ஒன்றும் இழுக்காது. மின்னோட்டம் நின்றதும் டிரையாக் அணைந்துவிடும். அது மறுபடி திறக்கப் பார்க்கும், மறுபடி அணையும். சில அரை அலைகளில் சரியாகத் திறக்கும், சிலவற்றில் தவறும். இப்படி ஒழுங்கில்லாமல் தவறுவதுதான் நம் கண்ணுக்குத் துடிப்பாகத் தெரிகிறது. வினாடிக்கு 100 முறை சீராக ஏறி இறங்கினால் கண் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. சீர் கெட்டால் உடனே பிடித்துவிடும்.

"அப்ப ஆள் கம்மியானதுதான் வம்பா?" என்றார் பெரியப்பா. அதுதான். எம்சிபியை இறக்கிவிட்டு டிம்மரைக் கழற்றி, பின்பக்கம் துடைத்துப் பார்த்தோம். மேல்வரம்பு 400 வாட் என்பதற்குக் கீழே, எறும்பு சைஸில், குறைந்தது 60 வாட் என்று இருந்தது. மேல்வரம்பை எல்லாரும் பார்ப்போம். கீழ்வரம்பு என்று ஒன்று இருப்பதே எல்இடி வந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. பரணில் பெரியம்மா பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய 60 வாட் பல்பில் ஒன்றை எடுத்து, ஆறில் ஓர் எல்இடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டினோம். துடிப்பு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. அந்த ஒரே பல்பு ஷேர் ஆட்டோவை நிரப்பிவிட்டது. உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். ஒரு குண்டு பல்பு போட்டதும் துடிப்பு அடங்கினால், கோளாறு வோல்டேஜிலும் இல்லை, எர்த்திலும் இல்லை. டிம்மருக்கு லோடு போதவில்லை.

ஆனால் வண்டு மட்டும் போகவில்லை. அதற்குக் காரணம் வேறு. டிம்மரைப் பாதியில் வைத்தால், அலை உச்சியில் இருக்கும்போது கதவு திறக்கிறது. 230 வோல்ட் என்று நாம் சொல்வதன் உச்சி 325 வோல்ட் அளவுக்குப் போகும். பூஜ்யத்திலிருந்து ஒரே தாவலில் அங்கே போனால், பல்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டரும் காயிலும் உதறிக்கொள்ளும். வினாடிக்கு 100 உதறல், அதுதான் ரீங்காரம். டிம்மருக்குள் இருக்கும் சோக்கும் தன் பங்குக்குப் பாடும். பாதியில் உச்சஸ்தாயி ஏன், முழுக்கத் திருகினால் அடக்கம் ஏன் என்பதற்கும் இதுவே விடை. குண்டு பல்பின் இழையும் டிம்மரில் லேசாக முனகத்தான் செய்யும். டி.வி. சத்தத்தில் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

வாங்கும் படலத்துக்கு வருவோம். கடைக்காரர், "எல்லா பல்பும் டிம் ஆகும் சார், ஸ்விட்ச் ஆஃப் பண்ணுனா" என்று சிரித்தார். அட்டைப்பெட்டியில் டிம்மபிள் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். ஒன்றும் போடாமல் இருந்தால் டிம் ஆகாது என்றே அர்த்தம். அந்த வகைப் பல்பை டிம்மர் உள்ள இடத்தில் முழு வெளிச்சத்தில் மட்டுமே எரித்தால்கூடச் சீக்கிரம் கெட வாய்ப்புண்டு. டிம்மபிள் பல்பின் டிரைவர், நறுக்கப்பட்ட அலையைப் படித்து அதற்கேற்ப வெளிச்சத்தைக் குறைக்கத் தெரிந்தது. விலை கொஞ்சம் கூடத்தான். ஸ்மார்ட் பல்பு வாங்குவதானால் டிம்மரையே எடுத்துவிட்டுச் சாதாரண ஸ்விட்ச் போடவேண்டும். அது மங்கும் வேலையைத் தனக்குள்ளேயே செய்துகொள்ளும். வெளியிலிருந்து இன்னொருவர் கைவைத்தால் கோபித்துக்கொள்ளும்.

பல்பு மட்டும் மாறினால் போதாது, டிம்மரும் மாறவேண்டும். எல்இடிக்கென்றே வரும் டிரெய்லிங் எட்ஜ் வகை, அலையின் முன்பகுதிக்குப் பதில் பின்பகுதியை வெட்டுகிறது. மின்சாரம் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறுவதால் அந்தத் தாவல் இல்லை, உதறலும் வெகுவாகக் குறையும். அதில் டிரையாக்குக்குப் பதில் டிரான்சிஸ்டர்கள் இருப்பதால், குறைந்த லோடிலும் விட்டுவிட்டு ஓடாது. வாங்கும்போது எல்இடிக்கு எத்தனை வாட் என்று தனியாகப் போட்டிருக்கிறதா பாருங்கள். பல்புக்கு 400 என்று போட்டிருக்கும் டிம்மர் எல்இடிக்கு 100 வாட்தான் தாங்கும் என்றும் இருக்கலாம். எங்களுடைய 42 வாட், அந்தக் கீழ்வரம்புக்கும் மேல்வரம்புக்கும் நடுவில் உட்காரவேண்டும், அவ்வளவுதான்.

டிம்மபிள் என்று போட்ட பல்பும் எல்இடி என்று போட்ட டிம்மரும் சேர்ந்தும் சண்டை போடுவதுண்டு. அதனால் பல்பு கம்பெனியின் இணையப் பக்கத்தில் எந்தெந்த டிம்மரோடு சோதித்தார்கள் என்ற பட்டியல் இருந்தால் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஒரு பல்பு வாங்கி, மாற்றித் தருவாரா என்று கேட்டுவைத்துக்கொண்டு, வீட்டில் மாட்டிப் பாருங்கள். ஆறு பல்பும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். கலந்து மாட்டினால், குமிழைக் குறைக்கும்போது ஒன்று முன்னால் அணையும், மற்றது பிறகு அணையும்.

எங்களுக்கும் கடைசியில் ஒரு சின்னக் குறை. மிகக் குறைத்து வைத்திருந்து அணைத்தால், மறுபடி போடும்போது எரிய மறுத்தது. புது டிம்மரின் குமிழைக் கழற்றியதும் உள்ளே ஒரு குட்டித் திருகு தெரிந்தது. குறைந்தபட்ச வெளிச்சத்தை நிர்ணயிப்பது அதுதான். ஸ்க்ரூடிரைவரால் துளி ஏற்றியதும் சரியாகிவிட்டது. எல்லா டிம்மரிலும் இந்தத் திருகு இருக்காது. இருப்பதைப் பார்த்து வாங்குவது நல்லது.

பெரியம்மாவுக்கு மட்டும் திருப்தியில்லை. "பழசு கொறைச்சா செவந்து வரும், இது வெளிச்சந்தான் கொறையுது, கலர் அப்படியே நிக்குது" என்றார்கள். சொன்னது முழுக்க சரி. குண்டு பல்பின் இழை சூடு குறையும்போது சிவக்கும், எல்இடிக்கு அந்தப் பழக்கம் இல்லை. குறைக்கக் குறைக்க மஞ்சளாகும் எல்இடி பல்புகளும் தனியாக விற்கின்றன, விலையும் தனி.

உங்களுக்கு ஹாலில் இரண்டே வெளிச்சம், அதாவது டி.வி. பார்க்க ஒன்று, விருந்தாளி வந்தால் ஒன்று போதும் என்றால், டிம்மர், டிம்மபிள் பல்பு எதற்குமே போகவேண்டாம். ஆறு பல்பில் இரண்டை ஒரு ஸ்விட்சிலும் நாலை இன்னொரு ஸ்விட்சிலும் பிரித்து வயர் இழுக்கச் சொல்லுங்கள். செலவு குறைவு, வண்டும் வராது. விருந்தாளிக்குத் திருகிக் காட்ட ஒன்றும் இருக்காது, அது ஒன்றுதான் நஷ்டம்.