வாசலில் நின்று வணங்கும் சட்டம்

நம் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் பண்பை எவ்வளவு போற்றினாலும் தகும். அடுத்தவர் வீட்டுக்குள் அது காலெடுத்து வைப்பதில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் முன்னறைத் தறியின் சத்தம் தெருவரை கேட்டாலும், வாசலிலேயே நின்று ஆட்களை எண்ணும். நெசவாளர், அவர் மனைவி, தம்பி என மூன்று பேர். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்தின்படி, பொதுவாகப் பத்துத் தொழிலாளர்களாவது இருந்தால்தான் அது பணியிடம். மூன்று பேர் என்றால் குடும்பம். குடும்ப விஷயத்தில் தலையிடக் கூடாதென்று கும்பிட்டுவிட்டுப் போய்விடும்.

உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் பாவம், அதன் மனம் நொந்திருக்கும். குழித்தறி என்பது தரையைத் தோண்டி அமைத்தது. குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே விட்டு, மிதிகளை மாறி மாறி அழுத்த வேண்டும். முதுகு சாய இடமில்லை. நூலிழையும் ஜரிகையும் தெரிய வேண்டுமே, அதனால் கழுத்து குனிந்தே இருக்கும். கோர்வைச் சேலையென்றால் கரைக்குத் தனி நாடா. அதைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அது பெரும்பாலும் மனைவிதான். ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். அத்தனை நாளும் இருவரும் அதே நிலையில்தான். இடுப்பு பிடித்துக்கொள்வதும் முழங்கால் மரத்துப்போவதும் அங்கே நோயாகவே எண்ணப்படுவதில்லை.

வெளிச்சத்துக்காகவும் சட்டம் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஆலைக்குள் போதிய வெளிச்சம் வேண்டுமென்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. இங்கே விளக்கும் மின்கட்டணமும் நெசவாளருடையவை. நலவாரியம் மூக்குக் கண்ணாடிக்கு உதவுகிறது. கண் மங்கும் வரை அவசரப்படாமல் காத்திருக்கும் அந்தப் பொறுமையையும் வாழ்த்துவோம்.

பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்விக்கும் முதலாளியின் அடக்கமோ அடக்கம்! எந்த நிறம், எத்தனை புட்டா, என்றைக்குள் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். இழை பிசகினால் கூலியில் பிடிப்பதும் அவரே. ஆனால் நெசவாளருக்கு அடிபட்டால், தான் முதலாளி என்ற பெருமை தனக்கு வேண்டாமென்று ஒதுங்கிக்கொள்கிறார். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்துக்கோ முதலாளி என்று ஒருவர் இருந்தாக வேண்டியிருந்தது.

வீட்டில் பீடி சுற்றுவோரைத் தொழிலாளர் என்று 1966லேயே ஒரு சட்டம் ஏற்றது. அந்த வழியில் பட்டு நெசவையும் சேர்த்துக்கொள்ளாத நிதானம் பாராட்டத்தக்கது. வீட்டில் இருந்து உழைப்போருக்கும் பாதுகாப்பு உண்டு என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1996ஆம் ஆண்டு உடன்படிக்கை. இந்தியா அதை இன்னும் ஏற்காததும் அதே நிதானம்தான்.

ஐப்பசி மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறும். மிதியில் கால் வைக்க முடியாது. ஈரத்தில் பாவும் ஒட்டிக்கொள்ளும். தறி நின்றால் கூலியும் நின்றது. அந்த நாட்களில் ஒருவர் மட்டும் வாசலைத் தாண்டி உள்ளே வருகிறார், சேலை என்னவாயிற்று என்று கேட்க.