ஊருக்கே கேட்கும்படி ரகசியம் காப்பது எப்படி?

கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய். உடம்பில் சூடு ஏறினால் பார்வை மங்கும், கால் தளரும். சூடு தணிந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதனால் மேற்கு ஜன்னலோரத்தை விட்டு ஏசிக்குப் பக்கத்தில் இடம் வேண்டும். கோடையில் மதியத்துக்குமேல் வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டும். பதில் எழுத வேண்டிய மேலாளர் நீங்கள். வழிமுறைகள் இதோ.

1. மின்னஞ்சலின் தலைப்பிலேயே நோயின் பெயரைப் போடுங்கள். அவர் கூட்டத்தில் தன் மடிக்கணினியைப் பெரிய திரையில் இணைத்திருக்கும்போது அது மூலையில் எட்டிப் பார்த்தால் இன்னும் விசேஷம். 'உங்கள் விண்ணப்பம் குறித்து' என்றெல்லாம் எழுதினால் யாருக்கு என்ன புரியும்?

2. குழுத் தலைவர், அட்மின், ஏசி பார்ப்பவர் என எல்லோரையும் சிசியில் சேருங்கள். அட்மினுக்கு இருக்கை எண்ணும், குழுத் தலைவருக்கு வேலை நேரமும் தெரிந்தால் போதும்தான். போதும் என்று நிறுத்துகிறவரா நீங்கள்?

3. எம்ஆர்ஐ படம் முதல் மருந்துச் சீட்டு வரை முழுக் கோப்பையும் கேளுங்கள். 'வெப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்' என்று மருத்துவர் தரும் ஒற்றைக் கடிதத்தை வைத்தே முடிவெடுத்துவிடலாம். ஆனாலும் கேளுங்கள். வந்ததும் எல்லோரும் திறக்கக்கூடிய ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

4. "அவங்களுக்கு மட்டும் என்ன சார் ஏசி?" என்று யாராவது கேட்டால் குரலைத் தாழ்த்தி, "பாவம், நரம்புல ஏதோ. வெளிய சொல்லிடாதீங்க" என்று சொல்லுங்கள். சாயங்காலத்துக்குள் கேன்டீன் வரை போய்விடும். "யாருக்கு எந்த இடம் ஏன் என்று நாங்கள் பேசுவதில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பேச்சு அங்கேயே செத்துவிடும்.

5. முடிவைச் சொல்லாமல் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதுங்கள், தேதி போடாமல். கோடை போய்விட்டால் கோரிக்கையும் போய்விடும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இந்த நோயும் இருக்கிறது, தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்று அதன் 21-ஆம் பிரிவு சொல்கிறது என்பதெல்லாம் உங்கள் காதில் விழவே கூடாது.

இவ்வளவு பாடுபட முடியாத சோம்பேறிகளுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. இதை அந்த ஊழியருக்கு மட்டும் அனுப்பலாம்:

'உங்கள் விண்ணப்பத்தை ஏற்கிறோம். திங்கள் முதல் உங்கள் இடம் ஏசி பக்கம் மாறுகிறது. ஜூன் முடியும்வரை மதியம் ஒரு மணிக்குமேல் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். ஜூலை முதல் வாரத்தில் இதுபற்றி மறுபடி பேசுவோம். குழுத் தலைவருக்கு இடமும் நேரமும் மட்டும் சொல்லப்படும். மருத்துவரின் கடிதம் என்னிடம் தனிக் கோப்பில் இருக்கும். உங்களைக் கேட்காமல் யாருக்கும் காட்ட மாட்டேன்.'

கேட்டது கிடைத்துவிட்டது. நோயின் பெயர் இதில் எங்கும் இல்லை, தேவைப்படவும் இல்லை.